காளையும் எருதும்: ஆண் கருத்தடை குறித்துக் குடும்ப நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தர்மபுரி மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அவர்களுக்கும், தங்கள் துறையில் பணியாற்றும் மருத்துவர்கள், சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கால்நடை ஆய்வாளராக 31 ஆண்டுகள் பணியாற்றி 2019இல் ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களின் ஊர்களில் மாடுகளோடும் மாடு வளர்ப்பவர்களோடும் கழிந்தது. இரண்டாவது மகள் பிறந்த மறு ஆண்டு, 1994இல், நானே ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டேன். இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைக்கின்றன.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடக்கிறது. பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனை வாசலிலும் பதாகை கட்டுகிறீர்கள். 'எளிது, பாதுகாப்பானது, தழும்பில்லாதது' என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்றுமே உண்மைதான். ஆனால் அந்தப் பதாகையின் கீழே நின்று பெங்களூரு வண்டிக்குக் காத்திருக்கும் ஆணின் மனத்தில் உள்ள கேள்வி வேறு. வலிக்குமா, தழும்பு விழுமா என்று அவன் கேட்கவில்லை. செய்துகொண்ட பிறகு நான் காளையாக இருப்பேனா, எருதாகிவிடுவேனா என்பதே அவன் கேள்வி. வெளியில் கேட்கக் கூச்சப்படுகிறான், நாம் பதில் சொல்வதுமில்லை.

நம் பகுதி ஊர்களில் இந்த அறுவைக்கு மக்கள் தமக்குள் வைத்திருக்கும் பெயர் 'காயடிப்பது'. இந்தச் சொல்லை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. காயடித்த மாடு என்ன ஆகும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். முரட்டுக் காளை சில மாதங்களில் சாதுவாகிறது, திமில் சரிகிறது, பசுவின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏரில் பூட்டினால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆலம்பாடி மாட்டை மூன்று தலைமுறையாக வளர்த்தவருக்கு இதைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் கண்டது சரி. அதை மனிதனுக்குப் பொருத்தும் இடத்தில்தான் பிழை இருக்கிறது, அந்தப் பிழையை அவருக்குத் தெரிந்த மாட்டைக் கொண்டே திருத்தலாம்.

காயடிக்கும் இடுக்கியை நான் எத்தனை முறை பிடித்திருப்பேன் என்று கணக்கில்லை. விதைப்பைக்கு மேலே, தோலுக்கடியில் தண்டு போல ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதற்குள் விந்துக் குழல், விதைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய், இரத்தம் திரும்பி வரும் குழாய், நரம்பு எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. இடுக்கி தோலைக் கிழிக்காமல் அந்தத் தண்டை மொத்தமாக நசுக்குகிறது. இரத்த ஓட்டம் நின்ற விதை சில வாரங்களில் சுருங்கி மடிகிறது. ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன் விதையில்தான் சுரக்கிறது. விதை மடிந்தால் அதுவும் நின்றுபோகும். காளை எருதாவது இப்படித்தான்.

மனிதனுக்குச் செய்யும் அறுவையில் மருத்துவர் விரலால் தேடுவது அந்தத் தண்டில் உள்ள ஒரே ஒரு குழலை. மற்றவை மென்மையாக வழுக்கிப் போகும்போது விந்துக் குழல் மட்டும் முறுக்கிய சணல் கயிறு போல உறுதியாக விரலுக்கு அகப்படும். மரத்துப்போக ஊசி போட்டு, அந்தக் குழலை மட்டும் வளைய இடுக்கியால் பிடித்து, கூரிய நுனியுள்ள இன்னொரு இடுக்கியால் தோலில் சிறு துளையிட்டு வெளியே இழுக்கிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத ஒரு துண்டை வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விடுகிறார்கள். பெரும்பாலும் அதே துளை வழியாகவே மறுபக்கக் குழலையும் எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை, தையல் இல்லை. சீனாவில் மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய முறை இது. எனக்கு 1994இல் நடந்தது கத்தியால் இருபுறமும் வெட்டித் தையல் போடும் பழைய முறை. இரண்டிலும் இரத்தக் குழாயையும் நரம்பையும் தொடுவதில்லை. விதைக்கு இரத்தம் முன்போலவே போகிறது. ஹார்மோன் இந்தக் குழல் வழியாக வருவதே இல்லை. அது நேராக இரத்தத்தில் கலக்கிறது, ஆகவே முன்போலவே கலந்துகொண்டிருக்கும். விந்து வெளிப்படும் அளவுகூடக் குறைந்ததாகத் தெரியாது, ஏனென்றால் அந்த நீரில் விதையிலிருந்து வருவது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் அதற்கு மேலே உள்ள சுரப்பிகளில் உண்டாவது.

இதற்கு மாட்டிலேயே சான்று இருக்கிறது, இதை நான் எந்த முகாமிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எருமை பருவத்துக்கு வருவது பல நேரம் வெளியே தெரியாது. பெரிய பண்ணைகளில் அதைக் கண்டுபிடிக்கக் காலையும் மாலையும் எருமைக் கூட்டத்துக்குள் ஒரு கிடாவை விடுவார்கள். அது சினைப்படுத்திவிடவும் கூடாது, ஆசை குறையவும் கூடாது. அதற்காக அந்தக் கிடாவுக்குச் செய்வது இதே அறுவைதான்: விந்துக் குழலை மட்டும் வெட்டிக் கட்டுவது. காயடித்த கிடா அந்த வேலைக்குப் பயன்படாது, எந்த எருமையையும் முகர்ந்துகூடப் பார்க்காது. குழல் மட்டும் வெட்டப்பட்ட கிடாவோ பழைய மூர்க்கத்தோடு பருவத்தில் இருக்கும் எருமையைத் தேடிப் பிடிக்கும். ஆசை போய்விடும் என்றால் பண்ணைக்காரர்கள் இத்தனை காலமாக இதைச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பால் சங்கத்தில் காலையில் கேனோடு நிற்கும் ஐம்பது ஆண்களிடம் இதை ஐந்து நிமிடம் சொன்னால், அவர்களே மீதியைப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது அச்சம் உடல் வலிமை பற்றியது. மூட்டை தூக்க முடியாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும், கிணற்று வேலைக்கு ஆகாது என்கிறார்கள். எனக்கு அறுவை நடந்தபின் இருபத்தைந்து ஆண்டுகள் நான் செய்தது முரண்டு பிடிக்கும் காளையைக் கயிறு போட்டுத் தரையில் சாய்க்கும் வேலை. என் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த அச்சத்தின் அடியில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைத்தால் நம்மை நம்ப மாட்டார்கள். முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். ஒரு வாரம் பாரம் தூக்கவோ சைக்கிள் மிதிக்கவோ கூடாது. விதைப்பையை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை அணிய வேண்டும். மறுநாளே கருங்கல் ஏற்றப் போனவனுக்கு உள்ளே இரத்தம் கசிந்து விதைப்பை வீங்கும். அவன் நான்கு நாள் படுப்பான், ஊர் அதைப் பார்க்கும், 'ஆபரேஷன் செஞ்சவன் படுத்துட்டான்' என்ற பேச்சு அதிலிருந்து பத்து ஆண்டு ஓடும். கொஞ்சம் வீக்கமும் நீலம் பாய்வதும் இயல்பு. நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், காய்ச்சல், துளையில் சீழ் ஆகியவை உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள். நூறில் ஓரிருவருக்கு மந்தமான வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். செய்துகொள்பவருக்குக் கொடுக்கும் 1,100 ரூபாய் ஒரு வாரக் கூலிக்கு ஈடாகாது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்; ஆகவே கூலிக்காரன் மறுநாளே வேலைக்குப் போவதை அவன் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இனி நான் மிகவும் வருந்திச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் இளைஞர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மனைவிக்கு இரண்டாவது பிரசவமும் சிசேரியன் ஆனதால் மறுபடி அவள் வயிற்றில் கத்தி வைக்க வேண்டாம் என்று தானே முன்வந்து ஒரு முகாமில் நவம்பர் 28ஆம் தேதி அறுவை செய்துகொண்டார். வீட்டில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஆறு நாள் இருந்தார். மார்ச்சில் மனைவி மூன்று மாதக் கர்ப்பம் என்று தெரிந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விரித்து எழுத எனக்கு மனமில்லை. 'அறுத்த பிறகு எப்படிப் பிள்ளை வரும்?' என்று மாமியார் கேட்டார். பெண்ணின் அண்ணன் அரிவாளோடு வந்தார். கணவர் ஏப்ரலில் விந்துப் பரிசோதனை செய்தார். விந்தணு ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வந்தது. அவருடைய அறுவை நன்றாக நடந்திருக்கிறது என்பதைக் காட்டிய அந்தக் காகிதமே, அவள் குற்றவாளி என்பதற்கு எல்லோரும் நீட்டிய சாட்சியானது.

அப்போது அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது. ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மார்ச் 26 அன்று கருவுக்குப் பன்னிரண்டு வாரம் என்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவது. அது ஜனவரி முதல் நாள் வாக்கில் வருகிறது. கரு உண்டாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து, அதாவது ஜனவரி 15ஐ ஒட்டி. சரியாகப் பொங்கல். அறுவை நடந்து அப்போது ஏழு வாரம்தான் ஆகியிருந்தது.

குழலை வெட்டியவுடன் விந்தணு தீர்ந்துவிடுவதில்லை. வெட்டிய இடத்துக்கு மேலே உள்ள குழலிலும், அதன் முடிவில் அகன்ற பகுதியிலும் முன்பே வந்து சேர்ந்த விந்தணுக்கள் தங்கியிருக்கும். கிணற்றுக் குழாயின் வாயை அடைத்தாலும் வயலுக்குப் போகும் குழாயில் நின்ற தண்ணீர் ஓடித் தீர வேண்டும் அல்லவா, அதுபோல. அது தீர ஏறக்குறைய மூன்று மாதமும் இருபது முறை விந்து வெளிப்படுவதும் ஆகும். ஊரில் மனைவியோடு இருப்பவனுக்கு அது இயல்பாகக் குறைந்துகொண்டே வரும். பெங்களூருவில் கொட்டகையில் தனியே படுத்த இந்த மனிதருக்கு அது அப்படியே தேங்கி நின்றிருக்கிறது. ஏப்ரலில், நாலரை மாதம் கழித்து, தீர்ந்திருந்தது. ஆகவே ஜனவரியில் இருந்ததும் ஏப்ரலில் இல்லாததும் ஒன்றுக்கொன்று முரணே அல்ல. அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவரும் இதையே தேதி போட்டு விளக்கிச் சொன்ன பிறகுதான் கணவர் மனைவியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் ஆணுறை அணிய வேண்டும், அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து விந்தணு இல்லை என்று உறுதியான பிறகே கருத்தடைச் சான்றிதழ் தரப்படும், இருந்தால் மாதம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும் என்பது தங்கள் துறையின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அந்த இளைஞரிடம் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள். ஆனால் அவருக்கு நினைவில் நின்றது 'ஒரு வாரம் பாரம் தூக்காதே' என்பது மட்டும். முகாம் நெரிசலில், ஊசி போட்ட மயக்கமும் வெட்கமும் சேர்ந்த நேரத்தில், ஒருமுறை வாயால் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அக்டோபரில் குழந்தை பிறந்தது. யாரும் கணவரின் அறுவையை நம்பத் தயாராக இல்லாததால், எந்தக் கத்தியை அவர் தவிர்க்க நினைத்தாரோ அதே கத்தியின் கீழ், மூன்றாவது சிசேரியனோடு, அவளுக்கும் கருத்தடை செய்தார்கள். அந்த ஊரில் அதன் பிறகு ஒரு ஆண்கூட இதற்கு வரவில்லை. 'ஆபரேஷன் பெயிலியர்' என்ற கதை பக்கத்து ஐந்து ஊர்களுக்கும் போயிருக்கிறது. உண்மையான தோல்வி, பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியான பிறகு, ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒருவருக்குத்தான் நேர்கிறது. குழல் தானே மீண்டும் இணைந்துகொள்வதால் அது உண்டாகிறது. நம் ஊர்களில் தோல்வி என்று பேசப்படுவதில் எத்தனை இந்த மூன்று மாதக் கதையோ என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கும்போது, 'நம் ஆண்களின் மனப்போக்கு' என்ற ஒற்றை விடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கருத்தடை பெண்களின் வேலை, அதைப் பற்றி ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல். அதே கணக்கெடுப்பின்படி, கருவுறும் வயதிலுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் தாமே அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். தமிழ்நாட்டில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல். ஆயினும் இது என்றும் இப்படியே இருந்ததில்லை. 1960களில் இந்நாட்டில் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்கே நடந்தன. அன்றைய சென்னை மாநிலம் அதில் முன்வரிசையில் இருந்தது. 1976–77இல் நெருக்கடி நிலையின்போது ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது, பல இடங்களில் வலுக்கட்டாயமாக. அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசு ஆண்களிடம் பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. பெண்ணோ பிரசவத்துக்காக எப்படியும் மருத்துவமனைப் படுக்கைக்கு வருகிறாள். படுக்கையில் இருப்பவளிடம் கையெழுத்து வாங்குவது எளிது. கணவன் வெளியே டீக்கடையில் நிற்கிறான், அவனிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் கேட்பவர் கிராம சுகாதார செவிலியர். அவர் பெண், இவன் ஆண், இருவருக்கும் கூச்சம். அந்த அம்மாமார்கள் மீது எனக்குக் குறையே இல்லை, ஒரு ஊரின் அத்தனைக் கர்ப்பிணிகளையும் தலையில் சுமப்பவர்கள் அவர்கள். இந்தப் பேச்சை ஆண் சுகாதார ஆய்வாளர்களிடம் ஒப்படையுங்கள் என்று கேட்கிறேன். கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வருபவர் அவர். ஆண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசப் பழகியவர். பேச வேண்டிய நேரம் மனைவிக்கு ஐந்தாம் ஆறாம் மாதம் நடக்கும்போது, கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் ஒரு மாலை. பிரசவ அறை வாசலில் பேசினால் மாமியார்தான் முடிவெடுப்பார்.

அறுவை முடிந்து வெளியே போகும் ஒவ்வொருவர் கையிலும் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு அட்டையும், மூன்று மாதத்துக்குப் போதுமான ஆணுறையும் கொடுக்க வேண்டும். மனைவியிடமும் அந்தத் தேதியைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லாமல் போனதன் விலையைக் கொடுப்பவள் அவள். இருவார விழாவில் செய்துகொண்டவர்களுக்கு அந்தத் தேதி பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்தில் வரும். பெங்களூருவிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் அப்போது ஊருக்கு வரமாட்டார்கள். எந்த அரசு மருத்துவமனையிலும் அந்தப் பரிசோதனையைச் செய்து அறிக்கையைக் கைப்பேசியில் அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தால் வேலையை விட்டு வர வேண்டியதில்லை. பரிசோதனைக்கு வராதவர்களை மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்க ஒருவரை நியமியுங்கள். விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கோடு, அவர்களில் எத்தனை பேர் மார்ச்சில் பரிசோதனைக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கையும் மாவட்டக் கூட்டத்தில் கேளுங்கள். முதல் கணக்கை மட்டும் கேட்டால், கீழே உள்ளவர்களும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

என் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1994இல் அறுவை செய்துகொண்டபோது ஊரில் குடலிறக்க அறுவை என்று சொல்லிவிட்டேன். என் தந்தை இறக்கும்வரை அவருக்கு உண்மை தெரியாது. என் மனைவிக்குத்தான் ஆபரேஷன் ஆயிற்று என்றே உறவினர் பலர் இன்றும் நினைக்கிறார்கள், அவளும் எனக்காக அதை மறுத்ததில்லை. என்னைப் போலச் செய்துகொண்டு, நன்றாக இருந்து, வாய் திறக்காதவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். வீங்கிப் படுத்தவனை ஊருக்கே தெரியும். நன்றாக இருப்பவன் மறைந்திருக்கிறான். இத்தனை காலம் மறைந்திருந்தது தவறு என்று உணர்கிறேன்.

வரும் நவம்பரில் பென்னாகரம், பாலக்கோடு வட்டங்களில் எந்தப் பால் சங்கத்துக்கு, எந்தக் காலையில் அழைத்தாலும் வருகிறேன். காயடிக்கும் இடுக்கியை ஒரு கையிலும் சணல் கயிற்றை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எதை நசுக்கினால் எருது, எதை வெட்டினால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன். பிறகு எனக்கு நடந்தது என்ன என்பதையும் என் பெயரைச் சொல்லியே சொல்கிறேன். அறுவைக்குப் பின் மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லத் தங்கள் துறையிலிருந்து ஒரு ஆண் ஊழியரை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.